நூற்று நாலு இடங்கள்

வெங்கடலட்சுமி வாயைத் திறந்ததும் லின்சி ஈறைத் தொட நீட்டிய கம்பியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பல், ஈறு, நாக்கு, உதட்டின் உள்பக்கம், எல்லாம் ஒரே செக்கச் சிவப்பு.

"அக்கா, சாயத் தண்ணியில வாய் கொப்புளிச்சீங்களா?"

"ஆமாங்க டாக்டரம்மா. அந்தத் தம்பி குடுத்தாருங்க. எங்க மூணு பேருக்கும் குடுத்தாரு. நேரமாச்சுன்னு சொன்னாருங்க."

அந்தத் தம்பி பக்கத்திலேயே மடியில் அட்டையும் கையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தான். அருண்குமார், லின்சியின் வகுப்புத் தோழன். இருவரும் ஈறு நோய்ப் பிரிவில் மேல்படிப்பு படிக்கிறார்கள். லின்சியின் ஆய்வுக்காகச் சோமனூர்த் தறிப்பட்டறை ஒன்றில் வேலை செய்யும் அறுபத்திரண்டு பேருக்குச் சரியாகப் பல் தேய்க்கச் சொல்லிக் கொடுத்து, ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்து அளந்துகொண்டிருந்தார்கள். ஐம்பத்தொன்பது பேர் முடிந்தது. கடைசி மூவர்தான் பாக்கி. மணி நாலு. கல்லூரி வேன்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார்.

"வேன் போயிரும்ப்பா. அதான் வரிசையில நிக்கறப்பவே குடுத்துட்டேன்" என்றான் அருண், தான் செய்தது என்னவென்று இன்னும் புரியாமல்.

லின்சி மற்ற இருவரையும் வாயைத் திறக்கச் சொன்னாள். அங்கேயும் அதே சிவப்பு.

அவர்கள் அளந்தது இரண்டு சங்கதி. ஒன்று, பல்லில் ஒட்டியிருக்கும் படலம். அது பல்லின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சாயத் தண்ணீரில் கொப்புளித்தால் படலம் இருக்கும் இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு பல்லுக்கும் வெளிப்பக்கம், உள்பக்கம், இரண்டு ஓரங்கள் என்று நாலு இடம் பார்த்து, ஈறை ஒட்டிச் சிவந்திருந்தால் ஒன்று, இல்லையென்றால் சைபர். மற்றொன்று, ஈறில் ரத்தக் கசிவு. மழுங்கிய முனை உள்ள மெல்லிய கம்பியை ஈறின் விளிம்போரம் பூப்போல நகர்த்தி, பத்து நொடி பொறுத்துப் பார்க்க வேண்டும். அதற்குள் ரத்தம் எட்டிப் பார்த்தால் ஒன்று, இல்லையென்றால் சைபர். அரை, கால் என்பதெல்லாம் கிடையாது. கடைசியில் ஒன்றுகளைக் கூட்டி, பார்த்த இடங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் நூற்றுக்கு இத்தனை என்று வந்துவிடும்.

இதில் முந்தியது எது, பிந்தியது எது என்பதுதான் உயிர்நாடி. முதலில் ரத்தம் பார்க்க வேண்டும், அப்புறம்தான் சாயம். மாற்றிச் செய்தால் எது சாயம், எது ரத்தம் என்று ஆண்டவர் வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. இந்த மூன்று பேருக்கும் அது மாறிப்போய்விட்டது.

அருணுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயய்யோ."

"படலத்தை மட்டும் எழுதிக்க" என்றாள் லின்சி. "அது கெடல."

மற்ற இருவருக்கும் முடித்துவிட்டு, வெங்கடலட்சுமிக்கு வந்தாள். ஒவ்வொரு பல்லாகச் சொல்லச் சொல்ல அருண் குறித்தான். ஞானப் பல் நீங்கலாக இருபத்தாறு பல். கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியிருந்ததால் அந்தக் கட்டங்களில் கோடு. இருபத்தாறு நாலு நூற்று நாலு. அதில் பத்தொன்பது இடத்தில்தான் சிவப்பு. நன்றாகத் தேய்த்திருந்தாள்.

"நல்லா வெச்சிருக்கீங்க அக்கா."

"நீங்க சொன்னாப்புல ரெண்டு நேரமும் தேய்ச்சுப்போடுறேனுங்க" என்று சொல்லிவிட்டு வெங்கடலட்சுமி தண்ணீர் வாங்கிக் கொப்புளித்துத் துப்பினாள். பிறகு இன்னொரு தரம். பிறகும் ஒரு தரம். "போகவே மாட்டேங்குதுங்க இந்தச் செகப்பு" என்று சிரித்தாள். நாற்பது வயதுக்காரி, முகம் சற்று வெளிறிக் கிடந்தது. தறிப் பட்டறையில் காற்றாடாமல் நிற்பவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று லின்சி நினைத்துக்கொண்டாள்.

மூவரும் போனதும் அருண் குரலைத் தணித்தான். "இப்ப என்ன பண்றது?"

"எழுதக் கூடாது. 'பதிவாகவில்லை'ன்னு போடணும். நாளைக்கு வந்து திரும்ப எடுக்கணும்."

"நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மேடம்கிட்ட எல்லாத் தாளும் போகணும், லின்சி. ஏன் மூணு காலியா இருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவே? அருண்குமாருக்குச் சாயத் தண்ணின்னா பானகம் மாதிரின்னா?"

லின்சிக்குச் சிரிப்பு வரவில்லை. பேராசிரியர் ஜெபராணி மேடத்தின் முகம் கண் முன்னால் வந்தது. போன வருடம் ஒரு சீனியர், பிடுங்கிய பல்லின் கட்டத்தில் கோடு போடாமல் சைபர் போட்டிருந்தார். இல்லாத பல்லில் ரத்தம் வராதுதானே என்று அவர் நினைத்திருக்கிறார். ஆனால் சைபர் போட்டால் அந்தப் பல்லும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும், வகுக்கும் எண் பெரிதாகும், கெட்ட ஈறும் நல்ல ஈறுபோலக் காட்டும். மேடம் ஒன்றுமே திட்டவில்லை. நாற்பது தாளையும் மேஜையில் திருப்பி வைத்து, "முதல்லேருந்து" என்று ஒரே வார்த்தை சொன்னார். அவருக்கு ஆறு மாதம் போயிற்று.

"பாரு" என்றான் அருண். அவன் மடியில் போன மாதத் தாள்கள் இருந்த உறை. அளக்கிறவர் பழைய எண்ணைப் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் கண் அதையே தேடும். அதனால் அந்த உறை குறித்துக்கொள்பவரிடம்தான் இருக்கும். "இந்த அக்காவுக்குப் போன தடவை நூத்தி நாலுல பதினேழு. படலம் அம்பத்தெட்டு இருந்தது, இப்பப் பத்தொம்பது. படலம் கொறைஞ்சா ரத்தமும் கொறையும், இது சின்னக் கொழந்தைக்கும் தெரியும். பன்னெண்டு போட்டுர்றேன். மத்த ரெண்டு பேருக்கும் அதே மாதிரி. யாருக்கு என்ன நஷ்டம்?"

வேன் மூன்றாம் தடவை ஹாரன் அடித்தது. அவன் கட்டங்களில் ஒன்றுகளை இங்கொன்றும் அங்கொன்றுமாகப் போட்டான், பார்த்தால் இயல்பாக இருக்கும்படி. மூன்று தாளையும் நீட்டினான். லின்சி கையெழுத்துப் போட்டாள். தன் கையெழுத்து தன்னுடையது மாதிரியே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சூலூர் தாண்டும்போதுதான் அது அவளுக்கு உறைத்தது.

ஒவ்வொரு தரமும் கழுவி வைத்த ஒரே பீங்கான் கிண்ணத்தில்தான் மூன்று பேரும் துப்பினார்கள். முதல் ஆள் முதல் தரம் துப்பியது சிவப்பு, இரண்டாந்தரம் ரோஜா நிறம், மூன்றாந்தரம் கிட்டத்தட்ட வெறுந்தண்ணீர். இரண்டாவது ஆளுக்கும் அதேதான். சாயம் அப்படித்தான் போகும், படலத்தில் பிடித்தது மட்டும் நிற்கும். வெங்கடலட்சுமி மூன்று தரம் துப்பினாள். மூன்றாந்தரமும் சிவப்பு. அது மட்டுமில்லை, அந்தச் சிவப்பில் ஒரு கருமை இருந்தது. எச்சிலோடு நூல்நூலாக இழுபட்டது. சாயம் நூலாகாது.

அவளிடம்தான் படலம் குறைவு. குறைவான படலத்தில் சாயம் எங்கே ஒட்டிக்கொண்டு நிற்கும்?

லின்சி பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தாள். பன்னிரண்டு ஒன்றுகள், தொண்ணூற்றிரண்டு சைபர்கள். அடியில் தன் பெயர். இந்தத் தாள் ஒரு பெண்ணைப் பார்த்து 'நீ நன்றாக இருக்கிறாய்' என்று சொல்கிறது. யாரும் பார்க்காமலே சொல்கிறது.

ராத்திரி முழுக்க அந்தத் தாளை மேஜையில் விரித்தே வைத்திருந்தாள்.

காலை ஆறரைக்கு அருணுக்குப் போன் செய்தாள். "கெளம்பு. சோமனூர் போறோம்."

"ஏம்ப்பா, உனக்குப் பைத்தியமா? நீ மட்டும் போய்ட்டு வா."

"வாய்க்குள்ள வெச்ச கையால பேனா பிடிக்க முடியாது. குறிக்கறதுக்கு ஆள் வேணும். நீ வரலேன்னா நேரா மேடம் வீட்டுக்குப் போவேன்."

"வாரேன், வாரேன். காலங்காத்தால மெரட்டறா பாரு."

டவுன் பஸ்ஸில் அருண் வழி முழுக்கத் தூங்கிக்கொண்டே வந்தான். சோமனூரில் இறங்கியதும் தெரு முழுக்கத் தறிச் சத்தம் காலுக்கடியில் அதிர்ந்தது. பட்டறைக்காரர் வெள்ளியங்கிரி வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னங்க டாக்டரம்மா, நேத்துத்தானுங்களே முடிஞ்சுதுன்னீங்க?"

"மூணு பேருக்குத் தப்பாயிருச்சுங்க. எங்க தப்பு. கால் மணி நேரம் குடுங்க."

"ஒரு ஆள் போனா எட்டுத் தறி நிக்குமுங்க" என்று முனகினாலும் நூல் வைக்கும் அறையைத் திறந்துவிட்டார். கதவைச் சாத்தியதும் சத்தம் பாதியாகக் குறைந்தது. லின்சி நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டாள்.

மற்ற இருவரையும் முதலில் கூப்பிட்டாள். சாயம் ராத்திரியே போயிருந்தது, ஈறு தன் நிறத்தில் இருந்தது. கம்பியை ஓட்டினாள், பத்து எண்ணினாள், சொன்னாள், அருண் குறித்தான். ஒருவருக்கு நூற்றுக்கு ஒன்பது, மற்றவருக்குப் பதினொன்று. அருண் லேசாகத் தெம்பானான். "நான் போட்டதுக்கும் இதுக்கும் ரெண்டு மூணுதான் வித்தியாசம். இதுக்கா இவ்வளவு தூரம்?"

பிறகு வெங்கடலட்சுமி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்குச் சாயம் வேண்டாமுங்களே டாக்டரம்மா? நேத்து ஊட்டுக்குப் போயும் தலகாணியெல்லாம் செகப்பு. என்ற ஊட்டுக்காரரு, வெத்தல போட்டுட்டுப் படுத்தியான்னு கேக்கறாருங்க."

லின்சியின் கை அந்தரத்தில் நின்றது. "தலகாணியிலயா?"

"ஆமாங்க. அந்தச் சாயம் ரொம்பக் கெட்டியுங்க."

மேல்வரிசையின் வலது ஓரத்தில் ஆரம்பித்தாள். கம்பியின் முனை ஈறைத் தொட்டும் தொடாமலும் நகர்ந்தது. ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள். பத்துவரை போகவேண்டியிருக்கவில்லை. இரண்டிலேயே கம்பி போன வழியெல்லாம் ரத்தம் மணிமணியாகக் கோத்து நின்றது. அடுத்த பல். அடுத்தது. தொடாத இடத்திலும் கசிந்தது.

"ஒன்னு. ஒன்னு. ஒன்னு. சைபர். ஒன்னு."

அருண் குறித்துக்கொண்டே வந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் பேனாச் சத்தம் மெதுவானது. "லின்சி, அழுத்தறியா?" என்றான் மெல்ல.

அதே பயம் அவளுக்கும் வந்துவிட்டது. கம்பியை அழுத்தினால் எந்த ஈறிலும் ரத்தம் வரும். ராத்திரி தூங்கவில்லை, கை நடுங்குகிறது. என் கைதான் இந்த ரத்தத்தை வரவழைக்கிறதோ? அப்படியானால் இதுவும் பொய்த் தாள்தான், நேற்றையதைவிடப் பெரிய பொய். அப்படி இல்லையென்றால்... அந்த 'இல்லையென்றால்' அதைவிடப் பயமாக இருந்தது.

முடித்தாள். வெங்கடலட்சுமியின் வாயில் பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னாள். அருண் கூட்டினான். "எம்பத்தி ஒன்னு" என்றான். "நூத்தி நாலுக்கு எம்பத்தி ஒன்னு. நூத்துக்கு எழுபத்தெட்டு." நேற்று அவன் போட்டது பன்னிரண்டு.

வெங்கடலட்சுமி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னங்க கண்ணு, நான் சரியாத் தேய்க்கலீங்களா?"

"நீங்க தேய்ச்சது சரிதாங்க அக்கா. ஒரு நிமிஷம்."

அறையின் மூலையில், துணியின் கனம் பார்க்க வெள்ளியங்கிரி வைத்திருந்த சின்ன எலக்ட்ரானிக் தராசு இருந்தது. துணியில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி அதில் வைத்தால் கிராமிலும் பின்னத்திலும் காட்டும். லின்சி அதை ஆன் செய்து, புதிதாக ஒரு கம்பியை எடுத்து, வாய்க்குள் எப்படிப் பிடிப்பாளோ அப்படியே பிடித்துத் தட்டின் மேல் வைத்தாள். ஈறுக்கு இருபத்தைந்து கிராமுக்கு மேல் பாரம் போகக் கூடாது என்று கல்லூரியில் பழக்கியிருந்தார்கள்.

"கண்ணை மூடிக்கறேன். நீ படி."

"இருபத்திரண்டு" என்றான் அருண். அவள் எடுத்துத் திரும்ப வைத்தாள். "இருபத்து நாலு... இருபத்தொன்னு... இருபத்து மூணு."

கண்ணைத் திறந்தாள். அவள் கை சரியாக இருந்தது. அரைமணி முன்னால் அதே கை, அதே மாதிரிக் கம்பி, இரண்டு பேருக்கு ஒன்பதும் பதினொன்றும்தான் காட்டியது. அப்படியென்றால் வந்தது கையால் அல்ல. படலத்தாலும் அல்ல, படலம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. ஈறில் அழுக்கு சேர்ந்து ரத்தம் வந்தால் இரண்டு எண்ணும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஒன்று இறங்கி, மற்றது இப்படி எகிறினால், கோளாறு வாயில் இல்லை. ரத்தத்தில்.

"அக்கா, காலைக் கொஞ்சம் காட்டுங்க."

வெங்கடலட்சுமி கூச்சத்தோடு சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள். தோலெங்கும் குண்டூசி குத்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள். லின்சி வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் பிடியால் ஒன்றை அழுத்தினாள். சாதாரணத் தடிப்பாக இருந்தால் அழுத்தும்போது வெளிறி மறையும். புள்ளி மறையவே இல்லை.

"கொசுங்க. பட்டறையில கொசு ஜாஸ்தி."

"இந்தக் கைல என்னங்க நீலமா?"

"பாவு நூல் உருளைய உருட்டறப்ப இடிச்சுப்போட்டேனுங்க. லேசாத்தான் பட்டுச்சு. இந்த மாசம் தீட்டும் நிக்கவே இல்லீங்க, பன்னெண்டு நாளாச்சு. இதெல்லாம் பல் டாக்டருகிட்டச் சொல்றதான்னு..." என்று நிறுத்திக்கொண்டாள்.

அருண் அட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

லின்சி வெளியே போய், தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு மேடத்துக்குப் போன் போட்டாள். முதலில் எண்களைச் சொன்னாள். படலம் பத்தொன்பது, ரத்தம் எண்பத்தொன்று, புள்ளிகள், நீலம், தீட்டு. மேடம் குறுக்கிட்டார்.

"இப்பவே ரத்தம் எடுக்கச் சொல்லு. பிளேட்லெட் எண்ணணும். வலி மாத்திரை ஏதும் போடக் கூடாது. நீ கூடவே போ." பிறகு மேடம் கேட்டார்: "நேத்து சாயங்காலம் எத்தனை இருந்தது?"

லின்சி போனை மறு காதுக்கு மாற்றினாள். பொய் சொல்ல இதைவிட நல்ல இடம் இருக்க முடியாது. சத்தத்தில் கேட்கவில்லை என்றுகூடச் சொல்லிவிடலாம்.

"பன்னெண்டு, மேடம்."

"அந்தப் பன்னெண்டு யாரோட பன்னெண்டு?"

"எங்களோடது, மேடம். அவங்களோடது இல்ல. பாக்காமலே போட்டோம். நான் கையெழுத்துப் போட்டேன்."

மேடம் போனை வைத்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லேப்பில் முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். வெங்கடலட்சுமியின் கணவர் பொங்கியண்ணன் லுங்கியோடு ஓடிவந்திருந்தார். "பல்லு பாக்க வந்துபோட்டு ஊசி போட்டு ரத்தம் எடுக்கறாங்களே, ஏனுங்க?" என்று அருணைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அருண் அவர் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தான். ஊசி குத்திய இடத்தில் வெங்கடலட்சுமி பஞ்சை எடுக்கும்போதெல்லாம் ரத்தம் திரும்பக் கசிந்தது.

லேப்காரர் ஒரு தடவை வெளியே வந்து வெங்கடலட்சுமியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். மிஷின் காட்டிய எண்ணை அவர் நம்பவில்லை, கண்ணாடிச் சில்லில் ரத்தம் தடவி மைக்ராஸ்கோப்பில் தானே எண்ணிப் பார்த்திருக்கிறார். இரண்டாந்தரம் வந்தபோது லின்சியைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒன்பதாயிரம், டாக்டர். ஒன்னரை லட்சத்துக்கு மேல இருக்கணும். ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் லின்சியிடம் தணிவாகச் சொன்னார். அந்த அம்மாவின் உடம்பே, ரத்தத்தை உறையவைக்கும் தன் பிளேட்லெட்டுகளை எதிரி என்று நினைத்து அழிப்பதுபோலத் தெரிகிறது, இன்னும் சில பரிசோதனை பாக்கி, மருந்து தொடங்கியாயிற்று. "ஈறில கசிஞ்சது தெரிஞ்சுது. மூளைல கசிஞ்சிருந்தா தெரியறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா என்னாகியிருக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல."

அவள் பைக்குள் கைவிட்டு அந்த மூன்று தாளும் இருக்கின்றனவா என்று பார்த்தாள்.

மறுநாள் காலை மேடத்தின் மேஜையில் மூன்று பொய்த் தாள்களையும் வைத்தாள். அருணும் பக்கத்தில் நின்றான், "மூணுலயும் ஒன்னு போட்டது என் கை, மேடம்" என்றான். மேடம் தாள்களைக் கிழிக்கவில்லை. "அழிக்காதே. கீழே இருக்கறது படிக்கத் தெரியணும். குறுக்கே ஒத்தைக் கோடு போட்டு, ஏன்னு எழுதி, தேதி போட்டு, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க." லின்சி போட்டாள்: 'சாயத்தை முதலில் கொடுத்துவிட்டதால் ரத்தக் கசிவு பதிவாகவில்லை. அந்தக் கட்டங்களில் உள்ள எண்கள் கற்பனை.' அருணும் அதன் கீழே கையெழுத்துப் போட்டான்.

"மத்த அம்பத்தொம்பதும் உண்மையா?"

"உண்மை, மேடம்."

"நம்பறேனா இல்லையான்னு எனக்கே தெரியல. வேற ஆளை விட்டுப் பத்துப் பேரைப் பாக்கச் சொல்லப்போறேன். ஒத்து வரலேன்னா முதல்லேருந்து." வெங்கடலட்சுமியின் புதுத் தாளை எடுத்து, மேலே 'உடல்நோய் காரணமாக ஆய்விலிருந்து விலக்கப்பட்டது' என்று எழுதித் தனியாக வைத்தார். அந்த எண்பத்தொன்று ஆய்வில் எங்கேயும் சேராது.

ஒன்பதாம் நாள் வார்டுக்குப் போனபோது பிளேட்லெட் அறுபத்திரண்டாயிரம் ஆகியிருந்தது. வெங்கடலட்சுமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மருந்தில் முகம் சற்று உப்பியிருந்தது.

"வாங்க அம்மணி. பல்லு தேய்ச்சா டாக்டரு திட்டறாருங்க. நீங்க தேய்க்கலேன்னா திட்டறீங்க. நான் யாரு பேச்சைக் கேக்கறதுங்க?"

"மெல்லிசு பிரஷ்ல, மெதுவா, அவர் சொன்னப்பறம்."

"பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாயைத் திறந்தாள்.

லின்சியிடம் கம்பி இல்லை. இருந்தாலும் இப்போது அதைத் தொடக் கூடாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் ஈறு வெளிறி, ஈரமாக, சும்மா இருந்தது. மனசுக்குள் பத்துவரை எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. ஐந்தில் எங்கோ ஒரு சிவப்பு தெரிந்தது போலிருந்தது, உதட்டின் நிழல். ஏழு. எட்டு. வெங்கடலட்சுமி வாயைத் திறந்தபடியே கண்ணால் 'என்ன?' என்று கேட்டாள். லின்சி எண்ணிக்கொண்டே இருந்தாள், இன்னும் இரண்டு நொடி பாக்கி இருந்தது.